ரேக் மாற்றியும் பில் ஏன் கூடவில்லை? சின்னக் கடையில் எந்தச் சரக்கு எந்த உயரத்தில் இருக்க வேண்டும்

சேலத்தில் அம்மாப்பேட்டை, சூரமங்கலம், கொண்டலாம்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் பழைய மளிகைக் கடைகள் மாறிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். கல்லாவுக்குப் பின்னால் கடைக்காரர் நின்று கேட்டதை எடுத்துக் கொடுத்த இடத்தில் இப்போது இரும்பு ரேக்குகள் வந்துவிட்டன, வாடிக்கையாளரே கூடையோடு உள்ளே போய் எடுத்துக்கொள்கிறார். ரேக்குக்கும் லைட்டுக்கும் நல்ல தொகை செலவழித்தவர்கள் பலர் ஒரே சந்தேகத்தைத்தான் கேட்கிறார்கள்: கூட்டம் அதேதான், கடை பளிச்சென்று இருக்கிறது, ஆனால் ஒரு பில்லுக்கு முன்பு எத்தனை பொருள் போனதோ அதேதான் இப்போதும் போகிறது, ஏன்?

பெரும்பாலும் ரேக்கில் கோளாறு இல்லை. எந்தத் தட்டில் எது இருக்கிறது என்பதில்தான் கோளாறு. அதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## கேட்டு வாங்குவதும் பார்த்து எடுப்பதும்

கல்லாக் கடையில் விற்பனையை முடிவு செய்வது வாடிக்கையாளர் கையில் இருக்கும் சீட்டு. துவரம்பருப்பு ஒரு கிலோ, புளி கால் கிலோ, கடுகு நூறு என்று எழுதி வந்ததைக் கொடுத்தால் வேலை முடிந்தது. சீட்டில் இல்லாத ஒன்றை விற்க வேண்டுமானால் கடைக்காரர் வாய் திறந்து "அக்கா, புது அப்பளம் வந்திருக்கு, பாக்கறீங்களா" என்று கேட்க வேண்டும். நல்ல கடைக்காரர் இதை ஒரு நாளைக்கு ஐம்பது தடவையாவது கேட்பார்.

அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரத்தில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் 1916-ல் பிக்லி விக்லி என்ற மளிகைக் கடையைத் திறந்தார். வாடிக்கையாளர் தானே எடுத்துக்கொள்ளும் மளிகைக் கடை என்ற முறை அங்கிருந்துதான் பரவியது. அந்த முறையில் வேலையாள் செலவு குறைகிறது, ஆனால் கூடவே கடைக்காரரின் வாயும் மூடப்படுகிறது. பலர் யோசிக்காமல் விடுவது இதைத்தான். கேட்கிற வேலை இப்போது தட்டின் வேலை. தட்டு அதைச் செய்யாவிட்டால், வாடிக்கையாளர் தன் சீட்டில் இருப்பதை மட்டும் தேடி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அப்படியானால் உங்களுக்கு மிஞ்சியது ரேக் செலவு மட்டும்தான்.

## கண் எங்கே நிற்கிறது

நம் ஊர் மளிகைக் கடைக்கு வருபவர்களில் பெரும்பங்கு பெண்கள், அவர்களில் பலர் 5 அடி உயரத்தை ஒட்டி இருப்பவர்கள். உச்சந்தலையிலிருந்து கண் 4 அங்குலம் கீழே இருக்கும் என்று வைத்தால், கண் மட்டம் தரையிலிருந்து 4 அடி 8 அங்குலம். ஆனால் யாரும் நேர்கோட்டில் பார்த்துக்கொண்டு நடப்பதில்லை, பார்வை கொஞ்சம் கீழே சாய்ந்துதான் இருக்கும். தட்டுக்கு 2 அடி தள்ளி நிற்கிற ஒருவர் இயல்பாகப் பார்க்கும் இடம் ஏறக்குறைய 4 அடி உயரம். அதற்கு மேலே கொஞ்சம், கீழே இடுப்பு உயரம் வரைக்கும் கொஞ்சம், இதுதான் கண்ணும் கையும் ஒரே சமயத்தில் சிரமமில்லாமல் சேருகிற இடம்.

இப்போது கடையில் மாட்டியிருக்கும் ரேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 7 அடி உயரம், 3 அடி அகலம், 6 தட்டு. அடித்தட்டு தரையிலிருந்து 6 அங்குலத்தில், அப்புறம் ஒவ்வொன்றும் 14 அங்குல இடைவெளியில் என்றால் கணக்கு இப்படி வரும்:

1. அடித்தட்டு (6 அங்குலம்), இரண்டாம் தட்டு (20 அங்குலம்): குனிந்தால்தான் தெரியும். பாதை குறுகலாக இருந்தால் அதுவும் தெரியாது, ஏனென்றால் கீழ்த்தட்டைப் பார்க்க ஒருவர் பின்னால் நகர வேண்டும், நகர இடமில்லை.
2. மூன்றாம் தட்டு (34 அங்குலம்), நான்காம் தட்டு (48 அங்குலம்): சரக்கின் முகம் ஏறக்குறைய 3 அடியிலிருந்து 5 அடிக்குள் விழுகிறது. எடுக்கும் இடம் இதுதான்.
3. ஐந்தாம் தட்டு (62 அங்குலம்): கண்ணுக்கு மேலே. முன்னால் இருக்கும் பாக்கெட்டை எடுக்கலாம், அதற்குப் பின்னால் இருப்பதை எட்ட முடியாது.
4. ஆறாம் தட்டு (76 அங்குலம்): 6 அடிக்கு மேல். விற்பனைக்கு இதைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம், இது ஸ்டாக் வைக்கும் இடம்.

ஆக, ஆறு தட்டுக்குக் காசு கொடுத்திருந்தாலும் தானாகப் பேசி விற்கிற தட்டு இரண்டுதான். உங்கள் தெருவில் வருபவர்களின் உயரத்துக்கு ஏற்ப ஓரிரு அங்குலம் முன்னேபின்னே ஆகலாம். ரேக் ஆட்கள் மாட்டிவிட்டுப் போன இடைவெளியை அப்படியே விட்டுவிடாமல், நடுத்தட்டுகளை உங்கள் வாடிக்கையாளருக்குச் சரியாக நகர்த்தி மாட்டச் சொல்லுங்கள். துளையிட்ட கம்பத்தில் கொக்கியைக் கழற்றி மாட்டுவது அரை மணி நேர வேலை.

கடை இருட்டாக இருந்தால் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது. ஏப்ரல், மே வெயிலில் ரோட்டிலிருந்து உள்ளே நுழைபவரின் கண்ணுக்குக் கொஞ்ச நேரம் எல்லாமே மங்கலாகத்தான் தெரியும், அதனால் ஷட்டருக்கு அடுத்த 3 அடியில் இருப்பதை யாரும் சரியாகப் பார்ப்பதில்லை. புதுச் சரக்கை அங்கே அடுக்குவது வீண். வெளிச்சத்தைக் கடையின் பின்பாதியில் கூடுதலாகப் போடுங்கள், வெளியிலிருந்து பார்த்தாலும் உள்ளே ஆழம் தெரியும், கால் தானாக உள்ளே போகும்.

## அந்த இரண்டு தட்டில் எதை வைப்பது

இங்கேதான் பெரும்பாலான கடைகள் சறுக்குகின்றன. நல்ல இடத்தில் நன்றாக ஓடும் சரக்கை வைக்க வேண்டும் என்று தோன்றும். துவரம்பருப்பு, உளுந்து, சர்க்கரை, எண்ணெய் எல்லாம் நெஞ்சு உயரத்தில் வரிசையாக நிற்கும். பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் துவரம்பருப்பு வாங்க வந்தவர் அது எங்கே இருந்தாலும் தேடி எடுப்பார், இல்லாவிட்டால் கேட்டு வாங்குவார். அவர் கண்ணில் பட்டால் மட்டுமே விலை போகிற சரக்கு வேறு: வடகம், அப்பளம், ராகி சேமியா, சிறுதானிய அவல், பொடி வகை, ஊறுகாய். இவற்றை யாரும் சீட்டில் எழுதுவதில்லை, பார்த்தால் எடுப்பார்கள். பெரும்பாலும் லாபமும் இவற்றில்தான் கூடுதல்.

ஒரு கடையை வைத்துக் கணக்குப் போடலாம். எண்கள் புரிவதற்காகப் போட்டவை, உங்கள் கடை எண்ணை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள்.

மூன்றாம் தட்டில் ஒரு கிலோ பருப்புப் பாக்கெட்டுகள். வாரம் 40 பாக்கெட், ஒன்றுக்கு 8 ரூபாய் லாபம், மொத்தம் 320. அடித்தட்டில் ஜவ்வரிசி வடகம். வாரம் 6 பாக்கெட், ஒன்றுக்கு 12 ரூபாய், மொத்தம் 72. இரண்டும் சேர்த்து 392.

இரண்டையும் இடம் மாற்றுகிறோம். பருப்பு கீழே போனதால் வாரம் 38 ஆகிறது, 304 ரூபாய். வடகம் மேலே வந்ததால் 15 போகிறது, 180 ரூபாய். மொத்தம் 484. ஒரு தட்டில் வாரத்துக்கு 92 ரூபாய் கூடுதல், புதிதாக ஒரு பைசா முதல் போடாமல்.

இதில் எல்லை எங்கே என்பதையும் பார்த்துவிட வேண்டும். வடகத்தால் வந்த கூடுதல் 108 ரூபாய். பருப்பு 13 பாக்கெட் வரை குறைந்தாலும் (104 ரூபாய்) தாங்கும், அதற்கு மேல் குறைந்தால் மாற்றியது நஷ்டம். பக்கத்திலேயே இன்னொரு கடை இருந்து, பருப்பு கண்ணில் படவில்லை என்று ஆட்கள் அங்கே போய்விடும் நிலை இருந்தால் இந்த எல்லையை எளிதாகத் தாண்டிவிடும். அதனால் பருப்பைக் கீழே இறக்கலாம், ஒளித்துவைக்கக் கூடாது. இரண்டாம் தட்டில், பெயர் தெரிகிற மாதிரி, எப்போதும் ஒரே இடத்தில் இருக்கட்டும். அடித்தட்டு 5 லிட்டர் எண்ணெய், 10 கிலோ ஆட்டா மாதிரி கனமான சரக்குக்கு. அவற்றை நெஞ்சு உயரத்திலிருந்து இறக்குவதைவிடத் தரையிலிருந்து தூக்குவதுதான் ஆட்களுக்குப் பழக்கம், தவறி விழுந்தாலும் அடி குறைவு.

கம்பெனி சேல்ஸ்மேன் வந்து "அண்ணா, அந்த நடுத்தட்டை எங்களுக்குக் கொடுங்க, மாசம் டிஸ்ப்ளே காசு தர்றோம்" என்று கேட்பதும் இதே இடத்துக்காகத்தான். அவருக்கு அந்த இடத்தின் மதிப்பு தெரியும். மேலே போட்ட கணக்குப்படி அந்தத் தட்டு உங்களுக்கு மாதம் 368 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறது என்றால், அவர் தரும் 300 ரூபாய் உங்களுக்கு நஷ்டம். 600 தருகிறார், அவருடைய சரக்கும் ஓடுகிறது என்றால் கொடுக்கலாம். கணக்குப் போடாமல் கொடுப்பதுதான் தப்பு. அவர் நீட்டுகிற ரேக், ஸ்டிக்கர், கடிகாரம் எதையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

## நிறைய வைத்தால் நிறையப் போகுமா

ஒரு சரக்கின் எத்தனை பாக்கெட்டுகள் முன்வரிசையில் முகம் காட்டி நிற்கின்றனவோ அதை ஃபேஸிங் என்கிறார்கள். 3 அடித் தட்டில் 6 அங்குல அகலப் பாக்கெட் என்றால் ஆறு ஃபேஸிங் கிடைக்கும். அதில் ஆறு வகையை ஒவ்வொன்றாக வைக்கலாம், மூன்று வகையை இரண்டிரண்டாக வைக்கலாம்.

சின்னக் கடையில் எல்லாம் இருக்கிறது என்று காட்ட ஆசைப்பட்டு எல்லோரும் முதல் வழியைத்தான் பிடிக்கிறார்கள். கடந்து போகிற கண்ணுக்கு ஒற்றைப் பாக்கெட் தனியாகத் தெரிவதில்லை, பக்கத்துப் பாக்கெட்டின் நிறத்தோடு கரைந்துவிடும். நடுத்தட்டிலாவது ஒவ்வொரு வகைக்கும் குறைந்தது இரண்டு முகம் கொடுங்கள். ஒன்றிலிருந்து இரண்டாக்கும்போது தெரிகிற வித்தியாசம், நான்கிலிருந்து ஐந்தாக்கும்போது தெரியாது. ஆகவே ஒரே சரக்கைத் தட்டு முழுக்க நிரப்புவதிலும் பயனில்லை.

தெரிந்தால் போதாது, கை போக வேண்டும். கைக்குழந்தையோடு வந்த ஓர் அம்மா, இடது கையில் கூடை, வலது கை மட்டும் காலி. தட்டில் பொடிப் பாக்கெட்டுகள் மேல்தட்டை முட்டுகிற அளவுக்கு இரண்டு அடுக்காக இறுக்கி அடுக்கியிருக்கின்றன. ஒன்றை இழுத்தால் நான்கு சரியும் போலிருக்கிறது. அவர் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, பாக்கெட்டை எடுக்காமலே கையை இழுத்துக்கொள்கிறார். கடைக்காரரின் கணக்கில் இது எங்கேயும் பதிவாவதில்லை. கோபுரம் மாதிரி அழகாக அடுக்கிய சோப்பையும் டப்பாவையும் பலர் தொடத் தயங்குவதும் இதே காரணம்தான், கலைத்துவிடுவோமோ என்ற கூச்சம்.

இதற்குச் செய்ய வேண்டியவை அதிகமில்லை:

1. சரக்கின் தலைக்கும் மேல்தட்டுக்கும் நடுவே 2 அங்குலம், விரல் உள்ளே மடங்குகிற அளவுக்கு இடம் விடுங்கள்.
2. அடுக்கி முடித்ததும் முன்வரிசையிலிருந்து ஒரு பாக்கெட்டை நீங்களே எடுத்துவிடுங்கள். அந்த இடைவெளி, யாரோ ஏற்கெனவே வாங்கிப் போயிருக்கிறார்கள் என்று காட்டும், அடுத்தவர் கை தயங்காது.
3. பின்னால் சரக்கு குறைந்தால் இருப்பதை முன்விளிம்புக்கு இழுத்து வையுங்கள். புது ஸ்டாக் வந்தால் பழையது முன்னே, புதியது பின்னே. இல்லையென்றால் தேதி முடிந்த பாக்கெட்டுகள் பின்வரிசையில் சேரும்.
4. விலையைத் தட்டின் விளிம்பில், நின்ற இடத்திலிருந்து படிக்கிற அளவுக்குப் பெரிதாக எழுதுங்கள். பாக்கெட்டின் முதுகில் எம்ஆர்பி பொடி எழுத்தில் இருக்கும்தான், ஆனால் "அண்ணா, இது எவ்வளவு?" என்று கேட்கக் கூச்சப்படுபவர்கள் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார்கள்.

பாதையும் கையோடு சேர்ந்த விஷயம். 10 அடி அகலக் கடையில் இரண்டு சுவரிலும் 15 அங்குல ஆழ ரேக் போட்டால் மிச்சம் ஏழரை அடி. நடுவில் இரட்டைப் பக்க ரேக் ஒன்றை இரண்டரை அடியில் நிறுத்தினால் ஒவ்வொரு பக்கமும் பாதை இரண்டரை அடிதான். ஒருவர் நின்று பார்க்கும்போது இன்னொருவர் உரசாமல் கடக்க முடியாது, உரசல் பட்ட உடனே நின்று பார்ப்பவர் நகர்ந்துவிடுவார், முக்கியமாகப் பெண்கள். அந்த நடு ரேக் தரும் கூடுதல் இடத்தைவிட இரண்டு சுவர் ரேக்குகளிலும் கெடுக்கிற வியாபாரம் அதிகம் என்பது என் உறுதியான எண்ணம். போட்டே ஆக வேண்டும் என்றால் 4 அடிக்கு மேல் உயராத, ஒரு அடி அகலத்துக்குள் அடங்குகிற ஒற்றைப் பக்க ஸ்டாண்டு போதும். 26 கிலோ அரிசி மூட்டைகளைப் பாதையில் சாய்த்து வைக்கும் பழக்கத்தையும் விட வேண்டும், மூட்டைக்குப் பின்னால் இருக்கும் இரண்டு தட்டும் அன்றைக்கு மூடியதற்குச் சமம்.

## படுக்கை வரிசையா, தூண் வரிசையா

நடந்துகொண்டே பார்ப்பவரின் கண் பக்கவாட்டில்தான் நகரும், மேலும் கீழும் ஏறி இறங்குவது குறைவு. மசாலா முழுக்க மேல்தட்டில், சேமியா முழுக்க நடுவில், பாயசச் சாமான் முழுக்கக் கீழே என்று படுக்கை வரிசையாக வைத்தால், நடுத்தட்டில் போகிற கண்ணுக்குச் சேமியா மட்டும்தான் கடை முழுக்க. அதையே தூணாக வைத்தால், அதாவது ஒரு ரேக்கில் மேலிருந்து கீழ்வரை மசாலா, அடுத்த ரேக்கில் மேலிருந்து கீழ்வரை சேமியா வகை, அதற்கடுத்தது பாயசச் சாமான் என்றால், ஒவ்வொரு வகைக்கும் நடுத்தட்டில் ஒரு பங்கு கிடைக்கிறது. அங்கே ஒன்றைப் பார்த்து நின்றவர் அதன் பெரிய பாக்கெட்டைக் கீழேயும் சின்னதை மேலேயும் தானே தேடிக்கொள்வார்.

தூணுக்குள் எதன் பக்கத்தில் எது என்பதைச் சமையலை வைத்து முடிவு செய்ய வேண்டும், கொள்முதல் செய்த வரிசையை வைத்து அல்ல. சேலத்தில் ஜவ்வரிசியை நிறையக் கடைகளில் பருப்போடு வைக்கிறார்கள், செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரிலிருந்து ஒரே லோடில் மூட்டையாக வந்ததால். வாங்குகிறவர் அதைப் பாயசத்துக்கு எடுக்கிறார், இல்லை வடகத்துக்கு எடுக்கிறார். பாயசமென்றால் முந்திரி, திராட்சை 50 கிராம் பாக்கெட், ஏலக்காய், நாட்டுச்சர்க்கரை அதே ரேக்கில், கை நீட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஜவ்வரிசி அரைக் கிலோ எடுத்தவருக்கு முந்திரி வீட்டில் இருக்கிறதா என்று நினைவுக்கு வரும் இடம் அந்த ஒரு நொடிதான். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகை நேரத்தில் இந்த ரேக்கைக் கடையின் முன்பாதிக்குக் கொண்டுவருவதும், மற்ற நாளில் பின்னால் வைப்பதும் நல்ல பழக்கம்.

## ஏற்காட்டுக் கடைக்கு இது அப்படியே பொருந்தாது

மேலே சொன்னதெல்லாம் வாரா வாரம் வருகிற, உங்கள் கடை மூலை முடுக்கு தெரிந்த வாடிக்கையாளரை வைத்துச் சொன்னது. ஏற்காட்டில் ஏரி ஓரம் காப்பித்தூள், மிளகு, தேன், தைலம், சாக்லேட் விற்கிற கடைக்கு வருபவர் அநேகமாக ஒரே ஒரு தடவை வருபவர். அவர் கையில் சீட்டே இல்லை. தேடி எடுக்கும் சரக்கு என்று ஒன்று இல்லாததால், இங்கே நடுத்தட்டை லாபச் சரக்குக்கு மட்டும் ஒதுக்கினால் அவர் எதற்காக ஊரிலிருந்து வந்தாரோ அது கண்ணில் படாது. காப்பியும் மிளகும் நடுவில், முகம் காட்டி, எது எந்த ரகம், என்ன அரைப்பு என்று ஒரு வரி எழுதிய அட்டையோடு இருக்க வேண்டும். பையோடு மலையிறங்குகிற குடும்பத்துக்கு ஒரு கிலோ பாக்கெட்டைவிட 100 கிராம், 200 கிராம் பாக்கெட்டுகள்தான் கைக்கு வரும். குழந்தைகளின் கண் மட்டம் இரண்டரை, மூன்று அடி, சாக்லேட் டப்பாவுக்கு இரண்டாம் தட்டு அங்கே வீணான இடமில்லை.

பருவமும் வேறு. சேலத்துக் கோடையில் சாக்லேட்டை ஏசியோ குளிர்பெட்டியோ இல்லாமல் தட்டில் வைக்க முடியாது, கோகோ வெண்ணெய் உடம்புச் சூட்டுக்கே உருகிவிடும். ஏற்காட்டில் வெளியே வைக்கலாம், ஆனால் மூடுபனி நாட்களில் காற்றில் ஈரம் அதிகம், திறந்த ஜாடியில் வாசனைக்காக வைத்த காப்பித்தூள் கட்டியாகிவிடும், காகித உறை தொய்ந்துவிடும். மோந்து பார்க்க ஒரு மூடி போட்ட சின்ன ஜாடி, அதை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது, விற்கும் சரக்கு முழுக்க ஒட்டிய உறையில், இதுதான் அங்கே சரிப்படும்.

## மாற்றியது பலித்ததா என்று எப்படித் தெரியும்

ஒரே நாளில் கடை முழுவதையும் கலைத்துப் போட்டுவிட்டு விற்பனை கூடினாலும் குறைந்தாலும் எதனால் என்று சொல்ல முடியாது. ஒரு சமயத்தில் ஒரு ரேக். மாற்றுவதற்கு முன் இரண்டு வாரம், மாற்றிய பின் இரண்டு வாரம் எண்ணுங்கள். மாதத்தின் முதல் பத்து நாள் சம்பள நாள் என்பதால் அதைக் கடைசிப் பத்து நாளோடு ஒப்பிடக் கூடாது, போன மாதத்தின் அதே தேதிகளோடு வையுங்கள். ஆடி, தீபாவளி, பொங்கல் வாரங்களைச் சேர்க்க வேண்டாம்.

பில் மெஷின் இருந்தால் பொருள்வாரி விற்பனை அதிலேயே வரும். இல்லாவிட்டால் தொடக்க ஸ்டாக்கோடு வந்த சரக்கைக் கூட்டி, கடைசி ஸ்டாக்கைக் கழித்தால் போனது எவ்வளவு என்று கிடைக்கும். பார்க்க வேண்டியது மூன்று: மேலே ஏற்றிய சரக்கு எவ்வளவு கூடியது, கீழே இறக்கியது எவ்வளவு குறைந்தது, ஒரு பில்லுக்குச் சராசரி எத்தனை பொருள். முதல் எண் கூடி மூன்றாவது எண் அசையவில்லை என்றால், ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றை எடுக்கிறார்கள் என்று அர்த்தம். அப்போது லாப வித்தியாசம் எவ்வளவு என்பதை மட்டும் பாருங்கள்.

முதல் வாரத்தில் "அண்ணா, பருப்பு எங்க போச்சு?" என்ற கேள்வி நிறைய வரும், அது இயல்பு. மூன்றாம் வாரமும் அதே ஆட்கள் அதே கேள்வியைக் கேட்டால் சரக்கு தப்பான இடத்தில் இருக்கிறது, திரும்ப மேலே ஏற்றிவிடுங்கள். பலித்த மாற்றத்தை ஆறு மாதமாவது அப்படியே விடுங்கள், வாரா வாரம் வருபவருக்குத் தன் சரக்கு கண்ணை மூடினாலும் கைக்குக் கிடைக்க வேண்டும், அப்போதுதான் மிச்ச நேரத்தில் பக்கத்துத் தட்டைப் பார்ப்பார்.